ஹார்ட்னஸ் 22, டென்சைல் 918: எதை நம்புவது?

குறிச்சி_லேத்

எல்லாருக்கும் வணக்கம். கோவை குறிச்சி சிட்கோவில் சின்னதாக லேத் பட்டறை நடத்துகிறேன். ஒரு பம்ப் கம்பெனிக்கு 40 மி.மீ. கம்பியில் இஎன் 19 ஷாஃப்ட் போட்டுக்கொண்டிருக்கிறோம். டிராயிங்கில் ‘டி’ கண்டிஷன் என்று போட்டிருக்கிறார்கள். அதாவது டென்சைல் 850-இலிருந்து 1000 எம்பிஏக்குள், பிஎச்என் 248-இலிருந்து 302-க்குள் இருக்க வேண்டும். கம்பியை ஹார்டனிங், டெம்பரிங் செய்ததாகவே வாங்கினேன், சர்டிபிகேட்டும் இருக்கிறது.

லேத்தில் ஏற்றுவதற்கு முன்பே பார்ட்டியின் இன்ஸ்பெக்டர் வந்து கம்பியை ராக்வெல்லில் வைத்துப் பார்த்தார். எச்ஆர்சி 21, 22, 23 என்று காட்டியது. சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டைப் பார்த்து, “22 என்றால் பிஎச்என் 237, டென்சைல் 800 சொச்சம், லாட் ரிஜெக்ட்” என்று எழுதிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அதே கம்பியில் ஒரு துண்டு வெட்டி வெளி லேபுக்கு அனுப்பினேன். டென்சைல் 918, எலாங்கேஷன் 17 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தது.

இப்போது பார்ட்டி, “லேப் ரிப்போர்ட் சரியென்றால் என் மெஷின் தப்பா?” என்று கேட்கிறார். அவர் மெஷினுக்குக் காலிபரேஷன் தேதி இருக்கிறது. லேபும் அங்கீகாரம் பெற்ற லேப்தான். ஒரே கம்பிக்கு எப்படி இரண்டு பதில்?

மெட்டல்_மணி

இது பழைய கதை பாஸ். உருண்டையான கம்பியின் மேல் நேராக வைத்து ராக்வெல் பார்த்தால் எண் குறைவாகத்தான் வரும். கூம்பு இறங்கும்போது பக்கத்தில் தாங்குவதற்கு மெட்டல் இல்லை, அதனால் கூடுதலாக இறங்கிவிடும். ஒரு பக்கம் பிளாட் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

இன்னொன்று, சார்ட்டெல்லாம் எதற்கு? பிஎச்என்-ஐ 3.5-ஆல் பெருக்கினால் டென்சைல். எந்த மெட்டலாக இருந்தாலும் இது போதும். நான் இருபது வருஷமாக இதை வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

உருக்கு_ஓய்வு

மணி சொன்ன முதல் விஷயம் உண்மைதான், ஆனால் இந்தக் கேஸுக்கு அது போதாது. உருளைப் பரப்புக்கான திருத்தம் விட்டத்தைப் பொறுத்தது. இந்தக் கடினத்தில் 12 மி.மீ. கம்பி என்றால் சுமார் 3 பாயிண்ட் கூட்ட வேண்டியிருக்கும். 25 மி.மீ. என்றால் ஒன்று, ஒன்றரை பாயிண்ட் அளவுக்கு வரும். 40 மி.மீ. கம்பியில் ஒரு பாயிண்ட் என்று வைத்துக்கொண்டாலே தாராளம். 22 என்பது 23 ஆகும், அவ்வளவுதான். 918 எம்பிஏ டென்சைல் உள்ள இஎன் 19-இல் எச்ஆர்சி 27, 28 காட்டியிருக்க வேண்டும். மீதி 4, 5 பாயிண்ட் எங்கே போனது?

அதற்கு முன் தம்பி குறிச்சி சில விவரம் சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் எங்கே வைத்துப் பார்த்தார், கம்பியின் பக்கவாட்டிலா, வெட்டின முகத்திலா? கறுப்புத் தோலை எப்படி எடுத்தார்? கம்பி எவ்வளவு நீளம், அதை எப்படித் தாங்கிப் பிடித்தார்கள்? மெஷினை எந்த ஸ்டாண்டர்ட் பிளாக்கில் சரிபார்த்தார்? அப்புறம், லேப்காரர்கள் டென்சைல் துண்டைக் கம்பியின் எந்த இடத்திலிருந்து கடைந்தார்கள்?

குறிச்சி_லேத்

நன்றி சார். பக்கவாட்டில்தான் பார்த்தார். எமரி பேப்பர் போட்டு வெள்ளையாகப் பளபளக்கிற வரை தேய்த்தார், தோல் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். கம்பி 1.1 மீட்டர். ‘வி’ ஆன்வில் மேல் வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையை எங்கள் பையன் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டான். பிளாக் 60 எச்ஆர்சி பிளாக், அதில் சரியாக 60 காட்டியது, நானே பார்த்தேன். லேபில் 40 மி.மீ. கம்பியை நடுவில் பிடித்து, 12.5 மி.மீ. ஆகும் வரை கடைந்து இழுத்திருக்கிறார்கள்.

உருக்கு_ஓய்வு

அப்படியென்றால் இரண்டு மெஷினும் பொய் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது. இரண்டும் பார்த்தது வேறு வேறு உலோகம்.

எச்ஆர்சி எண் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். 120 டிகிரி வைரக் கூம்பை முதலில் 10 கிலோ முன்சுமையில் அமர்த்துகிறோம். அங்கே டயலைப் பூஜ்யத்தில் வைத்து, மொத்தம் 150 கிலோ வரை ஏற்றி, பிறகு கூடுதல் சுமையை எடுத்துவிடுகிறோம். கூம்பு அந்தப் பூஜ்யத்திலிருந்து நிரந்தரமாக எவ்வளவு இறங்கி நின்றதோ அதுதான் கணக்கு. ஒவ்வொரு பாயிண்டும் 0.002 மி.மீ.

```
HRC = 100 - h / 0.002
```

22 வந்தது என்றால் கூம்பு 0.156 மி.மீ. இறங்கியிருக்கிறது. 28 என்றால் 0.144. வித்தியாசம் 0.012 மி.மீ. தலைமுடி தடிமனில்கூட அது சின்னப் பங்குதான். நீங்கள் ரிஜெக்ட் ஆனது இந்த 12 மைக்ரானில். அதனால்தான் கையில் பிடித்த பையனை நான் சந்தேகப்படுகிறேன். சுமை ஏறும்போது நீட்டிக்கொண்டிருக்கும் முனை சற்று அசைந்தாலும் அந்த அசைவு முழுக்க ஆழமாகவே எண்ணப்படும். எச்ஆர்சி குறையும், ஏறாது. நீளக் கம்பிக்கு ஜாக் ரெஸ்ட் வைக்க வேண்டும். ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்தால் எண்கள் தாறுமாறாகச் சிதறியிருக்கும். உங்களுக்கு 21, 22, 23 என்று கூடியே வந்திருக்கிறது.

என் சந்தேகம் டீகார்ப் மேல். சூட்டில் உருட்டின கம்பி, அதன் பிறகு ஹார்டனிங் ஃபர்னஸில் இன்னொரு முறை 850 டிகிரிக்கு மேல் வெந்திருக்கிறது. மேல் தோலில் உள்ள கார்பன் காற்றோடு போய்விடும். இஎன் 19-இன் பலமே அந்த 0.4 சதவீதக் கார்பனில்தான் இருக்கிறது. அது போன இடம் குவென்ச்சில் சரியாகக் கடினப்படாது. கறுப்பாகத் தெரிகிற ஸ்கேல் வேறு, அதற்கு அடியில் கார்பன் இழந்த அடுக்கு வேறு. ஸ்கேலை எமரி எடுத்துவிடும். அடியில் இருப்பது நல்ல வெள்ளையாகப் பளபளக்கும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. கறுப்புக் கம்பியில் அது 0.3, 0.4 மி.மீ. ஆழம் இருப்பது சகஜம்.

கூம்பு 0.15 மி.மீ.தானே இறங்குகிறது, 0.3 அடுக்கு என்ன செய்யும் என்று கேட்காதீர்கள். அது முழுக்க அந்த மெத்தென்ற அடுக்குக்குள்ளேயே நிற்கிறது என்றுதான் அர்த்தம். தவிர, அழுத்தம் ஆழத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை உணரப்படும். அதாவது மேலிருந்து ஒன்றரை மி.மீ. வரை என்ன இருக்கிறதோ அதெல்லாம் கலந்துதான் ஒரு எண்ணாக வருகிறது. லேபில் கடைந்தபோது ஒரு பக்கத்துக்கு 13 மி.மீ.க்கு மேல் போய்விட்டது. அந்தத் துண்டு இந்தத் தோலைப் பார்த்ததே இல்லை.

இது யூகம்தான். நிரூபிக்க வழி இருக்கிறது. கம்பியின் ஒரு பக்கத்தில், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, முக்கால் மி.மீ.யிலிருந்து 1 மி.மீ. ஆழத்துக்குப் பிளாட் கிரைண்ட் பண்ணுங்கள். சிவக்கச் சிவக்கக் கை கிரைண்டர் போட்டால் அந்தச் சூடே டெம்பரைக் கெடுத்துவிடும். அந்தப் பிளாட்டில் பிரினெல், 10 மி.மீ. குண்டு, 3000 கிலோ போட்டுப் பாருங்கள். பிளாட்டும் குழியைவிட நன்றாக அகலமாக இருக்க வேண்டும். கூடவே ஒரு வட்டத் துண்டு வெட்டி, வெட்டின முகத்தைப் பாலிஷ் செய்து, விளிம்பிலிருந்து உள்ளே நோக்கி விக்கர்ஸ் மைக்ரோவில் வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

60 பிளாக்கில் சரியாகக் காட்டியதால் 25-இலும் சரி என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. 25, 30 பக்கம் ஒரு பிளாக் வாங்கச் சொல்லுங்கள். எச்ஆர்சி ஸ்கேலே 20-இல் முடிகிறது. 22 என்பது வாசற்படியில் நிற்கிற எண்.

வார்ப்பு_பீளமேடு

ஐயா சொல்வது சரி. நான் மணி அண்ணாவின் 3.5 பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது ஃபவுண்டரி, நான் அங்கே குவாலிட்டி பார்க்கிறேன். எங்கள் எஃப்ஜி 260 வார்ப்பில் பிஎச்என் 200 வரும். அண்ணா கணக்குப்படி டென்சைல் 700 எம்பிஏ. டெஸ்ட் பாரை இழுத்தால் 265-இல் ‘டக்’கென்று முறியும். எந்த மெட்டலாக இருந்தாலும் என்று எழுதிவிட்டால், இதைப் படிக்கிற பையன் யாராவது கிரே அயர்னுக்குப் போட்டுவிட்டு வந்து நிற்பான்.

மெட்டல்_மணி

காஸ்ட் அயர்ன் உடையும் பொருள், அதை யார் இழுப்பார்கள்? நான் சொன்னது ஸ்டீல், எஸ்எஸ் மாதிரி நல்ல மெட்டல்.

வார்ப்பு_பீளமேடு

எஸ்எஸ்ஸிலும் வராது அண்ணா. 304 தகடு பிஎச்என் 150 காட்டும், இழுத்தால் 600 வரை போகும். 3.5 போட்டால் 525-தான் கிடைக்கும். காஸ்ட் அயர்னில் மேலே காட்டுகிற ஃபார்முலா இதில் கீழே காட்டுகிறது.

உருக்கு_ஓய்வு

நல்ல சண்டை, நடக்கட்டும். 3.5 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எங்கே வராது என்பதும் தெரிந்துவிடும்.

பிரினெல் எண் என்பது சுமையைக் குழியின் வளைந்த பரப்பால் வகுத்தது. அதாவது ஒரு சதுர மி.மீ.க்கு இத்தனை கிலோ என்கிற ஓர் அழுத்தம். ஆனால் குண்டுக்கு அடியில் இருக்கிற உலோகம் சுதந்திரமாக நகர முடியாது, சுற்றியுள்ள உலோகம் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதனால் சாதாரணமாக இழுத்து நெகிழ வைக்கத் தேவையான தகைவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தினால்தான் அது வழிவிடும். சரி, அந்த மூன்றால் வகுத்து, கிலோவை நியூட்டனாக்க 9.81-ஆல் பெருக்குங்கள். 3.27 வருகிறது. புத்தகங்களில் 3.3 என்றும் 3.45 என்றும் நடமாடுகிற எண்ணின் பிறப்பு இதுதான்.

இன்னொரு விஷயம் கேம்பிரிட்ஜில் டேவிட் டேபர் கண்டு சொன்னது. குண்டு அழுத்தும்போது அடியிலுள்ள உலோகம் சராசரியாக 8 சதவீதம் அளவுக்கு உருமாறிய நிலையில் என்ன பலம் காட்டுமோ, அதைத்தான் நாம் அளக்கிறோம். ஹார்டனிங், டெம்பரிங் செய்த இஎன் 19-ஐ இழுத்தால் கழுத்து விழுவதும் கிட்டத்தட்ட அந்த அளவு நீட்சியில்தான். இரண்டும் ஒரே இடத்தைப் பார்ப்பதால் கணக்கு ஒத்துப்போகிறது. 304 கழுத்து விழுவதற்கு முன் 40 சதவீதத்துக்கும் மேல் நீளும், நீள நீள இறுகிக்கொண்டே போகும். 8 சதவீதத்தில் எட்டிப் பார்த்த பிரினெல்லுக்கு அந்த மீதி இறுக்கம் தெரியாது. அதனால் எண் குறைகிறது.

கிரே அயர்னில் நடப்பது நேர் எதிர். குண்டு போடுவது அமுக்கு விசை, உள்ளேயிருக்கிற கிராஃபைட் செதில்கள் மூடிக்கொண்டு சும்மா இருக்கும். இழுக்கும்போது ஒவ்வொரு செதிலும் ஒரு விரிசல் மாதிரி வேலை செய்யும். தாய் உலோகத்தின் பலம் வெளியே வருவதற்குள் துண்டு முறிந்துவிடும்.

ஆக மணி, கார்பன் ஸ்டீல், லோ அலாய் ஸ்டீலுக்கு உங்கள் கணக்கு ஓடும், அதிலும் 3.5 சற்று தாராளம். நீங்கள் இருபது வருஷம் கையாண்டது பெரும்பாலும் அந்த வகையாகத்தான் இருந்திருக்கும்.

பாய்லர்_திருச்சி

பிரினெல் பெஞ்சில் கம்பியை ஏற்ற முடிகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்களுக்கு எல்லாம் சைட்டில், பைப் மேலேயே போர்ட்டபிள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். குண்டு மோதித் திரும்புகிற வேகத்தைப் பார்க்கும் லீப் மீட்டர். பி91 பைப்பில் இதே டீகார்ப் கதை எங்களுக்கும் நடந்தது. வெல்டு பக்கத்தில் 175 காட்டியது, எல்லாரும் பதறிவிட்டார்கள். அரை மி.மீ. கிரைண்ட் பண்ணி மறுபடி வைத்ததும் 205-க்கு ஏறியது.

குறிச்சி, பார்ட்டி கோபத்தில் போர்ட்டபிள் கொண்டு வந்து பார்க்கிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சாதாரண டி வகை மீட்டருக்குத் தாங்கு இல்லாமல் வைக்கிற பொருள் 5 கிலோவுக்கு மேல், 25 மி.மீ.க்கு மேல் தடிமன் வேண்டும் என்று அதன் புத்தகமே சொல்லும். உங்கள் கம்பி 11 கிலோ இருக்கும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் வெட்டிக் கொடுத்த சின்னத் துண்டில் வைத்தால் துண்டே அதிரும். என்ன எண் வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

டிரெய்லர்_பட்டறை

ஐயா, நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டிரெய்லர் ஹூக்குக்கு 25 மி.மீ. இஎன் 8 பின் போடுகிறோம், இண்டக்‌ஷன் ஹார்டனிங் பண்ணினது. எச்ஆர்சி 55 வருகிறது. சார்ட்டில் பார்த்தால் டென்சைல் 2000 எம்பிஏக்கு மேல் போட்டிருக்கிறது. அப்படியென்றால் பின்னை 20 மி.மீ.ஆகக் குறைக்கலாம் போலிருக்கிறதே? வெயிட்டும் குறையும், காசும் குறையும்.

உருக்கு_ஓய்வு

குறைத்துவிடாதீர்கள் தம்பி. குறிச்சிக்கு மெத்தென்ற தோல், உங்களுக்கு இரும்புத் தோல், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டிலும் மீட்டர் பார்ப்பது தோலை மட்டுமே.

இண்டக்‌ஷன் ஆழம் 2 மி.மீ. என்று வைத்தால், உள்ளே 21 மி.மீ. விட்டத்துக்குச் சாதாரண இஎன் 8 அப்படியே இருக்கிறது. பரப்பளவில் அது 70 சதவீதம். அதன் பிஎச்என் 200 என்றால் டென்சைல் 680 பக்கம்தான். தோல் 2000 தாங்கும் என்பதும் சார்ட்டில் மட்டும்தான். அந்தக் கடினத்தில் ஒரு கீறல், ஒரு கூர்மூலை இருந்தால் போதும், அந்த எண்ணை எட்டும் முன்பே விரிசல் விடும். தோல் தேய்மானத்துக்காக வைத்தது. பளுவைச் சுமப்பது உள்ளே இருப்பது. விட்டம் குறைப்பது டிசைன் பார்ப்பவரிடம் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை, சார்ட்டைப் பார்த்து அல்ல.

குறிச்சி_லேத்

ரிசல்ட் வந்துவிட்டது.

முதலில் பார்ட்டியின் ராக்வெல்லிலேயே, கம்பிக்கு ஜாக் கொடுத்து, கிரைண்ட் பண்ணாத இடத்தில் பார்த்தோம். 22, 23, 23. ஆக, பையன் பிடித்ததால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. பிறகு 0.8 மி.மீ. பிளாட் கிரைண்ட் செய்து அதே மெஷினில் வைத்தோம். ஆன்வில் மாற்றிய பிறகு வந்த முதல் இரண்டு ரீடிங்கை விட்டுவிட்டோம். அடுத்தது 27.5, 28, 28. இன்ஸ்பெக்டர் தன் கையால் பார்த்தது.

லேபில் பிரினெல் போட்டார்கள். குழி விட்டம் 3.70 மி.மீ., பிஎச்என் 269. விக்கர்ஸ் வரிசையில் விளிம்பிலிருந்து 0.1 மி.மீ.யில் 180, 0.2-இல் 214, 0.3-இல் 251, 0.5-இல் 279. அதற்கு மேல் உள்ளே போனால் 280, 285 என்று நின்றுவிடுகிறது. சார் சொன்ன 0.3, 0.4 அப்படியே இருக்கிறது.

269-ஐ 3.45-ஆல் பெருக்கினால் 928. இழுத்ததில் வந்தது 918.

மெட்டல்_மணி

3.5 போட்டால் 941. நானும் ரொம்பத் தூரம் போகவில்லையே!

உருக்கு_ஓய்வு

போகவில்லை மணி. 3.3 போட்டால் 888, அதுவும் ரொம்பத் தூரமில்லை. அந்த இரண்டுக்கும் இடையில் 50 எம்பிஏ கிடக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். கம்பி டிராயிங்கின் நடுவில் இருப்பதால் எந்த எண்ணைப் போட்டாலும் பாஸ். பிஎச்என் 250 என்றால் ஒன்று 825 சொல்லும், இன்னொன்று 875 சொல்லும், டிராயிங் 850 கேட்கும். அந்த இடத்தில் பெருக்கல் வைத்து லாட்டைத் தள்ளவும் கூடாது, ஏற்கவும் கூடாது. இழுத்துத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கக்காரர்களின் ஈ140 சார்ட்டில் ஒரு ஹார்ட்னஸை இன்னொன்றாக மாற்றத்தான் வழி உண்டு, டென்சைலுக்குப் பத்தியே இல்லை. ஸ்டீலுக்கென்று தனியாக ஏ370-இல் கொடுத்திருக்கிறார்கள், அதையும் தோராயம் என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

வார்ப்பு_பீளமேடு

குழியை அளப்பதையும் கவனிக்க வேண்டும் அண்ணா. 3.70-க்குப் பதில் 3.80 என்று படித்தால் பிஎச்என் 255. பத்தில் ஒரு மி.மீ. தப்புக்கு 14 எண் போய்விட்டது, டென்சைலில் கிட்டத்தட்ட 50. எங்கள் கை மைக்ரோஸ்கோப்பில் சின்னக் கோடே 0.1 மி.மீ.தான், நடுவில் கண்ணால் கணிக்க வேண்டும். குழியின் ஓரம் சற்று மேடு கட்டியிருக்கும், லைட் எந்தப் பக்கம் விழுகிறதோ அதைப் பொறுத்து ஒருவருக்கு 3.70, இன்னொருவருக்கு 3.75. நாங்கள் ஒரே குழியைக் குறுக்கும் நெடுக்கும் இரண்டு தரம் அளந்து சராசரி போடுவோம். இரண்டும் ரொம்ப மாறினால் அந்தக் குழியையே விட்டுவிடுவோம், பரப்பு சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பாய்லர்_திருச்சி

இப்போது 269 பாஸ். இம்பாக்ட் கேட்டிருக்கிறார்களா? குவென்ச் சரியாகப் பிடிக்காமல் டெம்பரைக் குறைத்து ஓட்டின கம்பியும் 269 காட்டும், டென்சைலும் வரும். ஆனால் யீல்டு குறைவாக இருக்கும், சார்பியில் உடைத்துப் பார்த்தால் வர வேண்டிய ஜூலில் பாதிகூட வராது. ஹார்ட்னஸ் எண்ணுக்குள் அதெல்லாம் இல்லை.

குறிச்சி_லேத்

டிராயிங்கில் இம்பாக்ட் இல்லை அண்ணா. லேப் ரிப்போர்ட்டில் யீல்டு 745 போட்டிருக்கிறார்கள், அது போதும் என்று நினைக்கிறேன்.

இப்போது சண்டை வேறு இடத்துக்குப் போய்விட்டது. நாங்கள் கடைந்து முடித்தால் ஷாஃப்ட் 38 மி.மீ. பக்கத்துக்கு 1 மி.மீ. போகிறது, டீகார்ப் முழுக்கச் சிப்ஸோடு போய்விடும். அதனால் இந்த லாட்டை எடுத்துக்கொள்கிறேன் என்று பார்ட்டி சொல்லிவிட்டார். ஆனால் கம்பியின் ஒரு முனையில் 60 மி.மீ. நீளம் கடையாமல் கறுப்பாகவே விட வேண்டும் என்று டிராயிங் சொல்கிறது, அங்கே கப்ளிங் உட்காரும். அந்த இடத்தை என்ன செய்வது என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. கம்பி கொடுத்தவரோ, “மில்லிலேயே அப்படித்தான் வந்தது, என் ஃபர்னஸ் தப்பில்லை” என்கிறார்.

உருக்கு_ஓய்வு

மில்லா, ஃபர்னஸா என்பதற்கு ஒரு வழிதான். ஹார்டனிங் பண்ணாத அதே ஹீட் நம்பர் கம்பி அவரிடம் மிச்சம் இருந்தால் ஒரு துண்டு வாங்கி, வெட்டி, எட்ச் பண்ணி, ஓரத்தில் ஃபெரைட் வெள்ளை எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். அதிலும் 0.3 இருந்தால் அவர் சொல்வது நிஜம். 0.1 மட்டும் இருந்தால் மீதி அவர் ஃபர்னஸில் நடந்தது. துண்டு தரமாட்டேன் என்றால் அதிலிருந்து நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு முனைதான் எனக்கும் உறுத்துகிறது. கப்ளிங் பக்கம் முறுக்கும் வளைவும் சேர்ந்து வரும், ஃபடீக் தொடங்குவது தோலில்தான். அங்கே தோல் விக்கர்ஸ் 180. உள்ளே 280 இருப்பது அந்த இடத்துக்கு உதவாது.

மெட்டல்_மணி

பம்ப் ஷாஃப்ட்தானே சார், என்ன பெரிய லோடு? எத்தனையோ கறுப்புக் கம்பி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வார்ப்பு_பீளமேடு

எத்தனை எச்பி, எத்தனை ஆர்பிஎம் என்று தெரியாமல் ஓடும் என்றும் சொல்ல முடியாது, ஓடாது என்றும் சொல்ல முடியாது அண்ணா. குறிச்சி அண்ணா, கப்ளிங் போர் 40-ஆ 38-ஆ? 38-க்கு மாற்ற ஒத்துக்கொண்டால் அந்த முனையையும் கடைந்துவிடலாமே.

குறிச்சி_லேத்

போர் 40 மேடம். கப்ளிங் ஏற்கனவே ஸ்டாக்கில் இருநூறு கிடக்கிறதாம். திங்கள்கிழமை அவர்கள் டிசைன் ஆள் வருகிறார், விக்கர்ஸ் வரிசையை அவர் முன்னால் வைக்கிறேன். கம்பிக்காரரிடம் பழைய துண்டும் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.